நாளை தண்ணீர் வராது, யார் வீட்டுக்கு?

சென்னை அடுக்ககங்களின் லிப்ட் வாசலில் ஒருமுறையாவது இந்தத் தாளைப் பார்த்திருப்போம்: "பராமரிப்புப் பணி காரணமாக நாளை தண்ணீர் வராது. ஒத்துழைப்பு தரவும்." எந்த வீட்டுக்கு வராது, எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்காது. மறுநாள் பத்து மணியானால் செகரட்டரியின் கைபேசி ஓயாது. "எங்க வீட்டு கிச்சன்ல வரல, பாத்ரூம்ல மட்டும் வருதே, எப்படி சார்?"

அந்தக் கேள்விக்கான பதில் மொட்டை மாடியில் இருக்கிறது. கார் நிறுத்தும் தளத்துக்கு மேலே நான்கு மாடிகள், மாடிக்கு ஆறு வீடுகள், மொத்தம் 24 என்று ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். மாடியில் 10,000 லிட்டர் தொட்டி. அதிலிருந்து ஒரு தடித்த குழாய் படுக்கையாக வெளியே வந்து ஆறு கிளைகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையும் சுவரை ஒட்டிய ஷாஃப்டில் நேராகக் கீழே இறங்குகிறது. வரைபடத்தில் அதற்கு ரைசர் என்று பெயர். பெயர்தான் அப்படி, இங்கே தண்ணீர் அதில் ஏறுவதே இல்லை, இறங்குகிறது. பிளம்பருக்கு அது வெறும் 'லைன்'. மூன்றாவது லைன் 103, 203, 303, 403 வீடுகளின் சமையலறைக்கும், பக்கத்து 104 வரிசையின் குளியலறைக்கும் போகிறது. ஒரு வீடு இரண்டு லைன்களில் தொங்குவதால்தான் சமையலறை வறண்டபோதும் குளியலறையில் தண்ணீர் வருகிறது.

ஒவ்வொரு லைனின் தலையிலும் ஒரு கேட் வால்வு. பித்தளை உடம்பு, சக்கரக் கைப்பிடி. உள்ளே ஆப்பு வடிவத் தகடு ஒன்று தண்டின் நுனியில் தொங்கும். கைப்பிடியைத் திருகினால் தகடு இறங்கி வழியை அடைக்கும். வருடக்கணக்கில் யாரும் தொடாமல் திறந்தே கிடந்தால், போர் தண்ணீரின் உப்பு தகட்டைச் சுற்றிப் படிந்து இறுகிவிடுகிறது. என்றாவது ஒருநாள் கீழே குழாய் ஒழுகும்போது, பைப் ரெஞ்ச் போட்டு முரட்டுத்தனமாகத் திருகுவார்கள். தண்டு சுற்றும், தகடு அசையாது. "சார், வால்வு நல்லாத்தான் திரும்புது, ஆனா தண்ணி நிக்கல" என்று பிளம்பர் சொன்னால், உள்ளே தண்டும் தகடும் பிரிந்துவிட்டன என்று பொருள். மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சிக்கல் இங்கேதான். வீட்டுக்குள் குழாய் மாற்ற மாடி வால்வை அடைக்கலாம். மாடி வால்வையே மாற்ற எதை அடைப்பது? பழைய கட்டடங்கள் பலவற்றில் தொட்டிக்கும் அந்த வால்வுக்கும் நடுவே வேறு அடைப்பே கிடையாது. கழற்றிய கணத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் மாடியில் கொட்டும். துணி சுற்றிய கட்டையைத் தொட்டிக்குள் இறக்கி வாயை அடைக்கிறவர்கள் உண்டு. கட்டை குழாய்க்குள் நழுவினால் அதை எடுப்பது தனி வேலை. தொட்டியைக் காலியாக்குவதே நேரான வழி. எட்டு வீடுகளின் வால்வுக்காக 24 வீடுகளும் காய்வது இதனால்தான். அறிவிப்பில் முதலில் சொல்லவேண்டியதும் இதுதான். காரணம் தெரிந்தால் இரண்டாவது லைன்காரர்கள் அவ்வளவாகச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் 24 வீடுகளும் மாலைவரை காயவேண்டியதில்லை. புது வால்வைப் பொருத்தி, அதை மூடிவைத்துவிட்டுத் தொட்டியை நிரப்பினால் மற்ற ஐந்து லைன்களுக்கும் தண்ணீர் போய்விடும். வால்வுக்குக் கீழே துருப்பிடித்த குழாய்த் துண்டை அறுத்துவிட்டு சிபிவிசி ஒட்டும்போது, பசை இறுகும்வரை மூன்றாவது லைன் மட்டும் காத்திருக்கும். ஆகவே அறிவிப்பில் இரண்டு நேரம் வேண்டும்: எல்லோருக்கும் ஒன்று, மூன்றாவது லைனுக்கு ஒன்று. இரண்டிலும் கொஞ்சம் தாராளம் காட்டுவது புத்திசாலித்தனம். பழைய இரும்பு நிப்பிள் திருகும்போது மரையோடு முறிந்து உள்ளேயே நின்றுவிடுவது அடிக்கடி நடப்பது. அதைக் குடைந்து எடுக்க ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

தொட்டியைக் காலியாக்க 10,000 லிட்டரையும் சாக்கடையில் விடவேண்டாம். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி நூல் வைத்திருக்கும் கணக்கு. வீட்டுக்கு மூன்று பேர் என்றால் 24 வீட்டுக்கு ஏறக்குறைய 9,700 லிட்டர். தொட்டி ஒருநாள் செலவுக்குச் சமம். முந்தின இரவே மோட்டாரை நிறுத்தினால், காலைக் குளியலும் துணி துவைப்பும் சேர்ந்து தொட்டியைப் பெருமளவு இறக்கிவிடும். மிச்சத்தை வாஷ்-அவுட் வழியாகச் செடிகளுக்கு விடலாம், அடியில் தேங்கிய சேறும் அதோடு போகும். இதைச் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தினால் நான்காவது மாடிக்காரர் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து கத்துவார்.

செங்குத்துக் குழாயில் நிற்கும் தண்ணீர் சொற்பம். 40 மில்லிமீட்டர் உள்விட்டமும் 12 மீட்டர் உயரமும் உள்ள லைனில் 15 லிட்டர்தான், ஒரு வாளி. மேலே அடைத்ததும் முதல் மாடியில் ஒருவர் குழாயைத் திறந்தால் அது வடிந்துவிடும். வடியும்போது மேல்மாடிக் குழாய்கள் காற்றை உறிஞ்சும். அந்த நேரம் யாராவது ஹோஸை மாப் வாளிக்குள் போட்டுக் குழாயைத் திறந்து வைத்திருந்தால், அழுக்குத் தண்ணீர் லைனுக்குள் ஏறிவிடலாம். வால்வுக்கு அடுத்து வானம் பார்த்து நிற்கும் ஏர் பைப் இதைத் தடுக்கவே இருக்கிறது. காக்கை கூடு கட்டி அடைத்திருந்தால் அதனால் பயனில்லை. வேலை நாளில் அதையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லலாம்.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் எழுதினால் தாள் இப்படி இருக்கும்:

"செவ்வாய்க்கிழமை மூன்றாவது லைனின் மாடி வால்வை மாற்றுகிறோம். தொட்டியைக் காலி செய்யவேண்டியிருப்பதால் காலை 10 முதல் 1 மணி வரை எந்த வீட்டிலும் தண்ணீர் வராது. 03 வரிசைச் சமையலறைக்கும் 04 வரிசைக் குளியலறைக்கும் மாலை 6 வரை வராது. திங்கள் இரவு 9 மணிக்கு மோட்டார் நிற்கும். காலை 10 மணிக்குள் வாளிகளை நிரப்பிக்கொள்ளுங்கள். கீசர், வாஷிங் மெஷின், வாட்டர் பியூரிஃபையர் மூன்றையும் அணைத்துவிடுங்கள். வெளியே போகுமுன் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீர் திரும்பியதும் குளியலறைக் குழாயை முதலில் திறந்து, தெளியும்வரை விடுங்கள்."

கடைசி மூன்று வரிகளும் அனுபவம் எழுதியவை. தண்ணீர் நின்றபோது குழாயைத் திறந்து பார்த்து, வரவில்லை என்றதும் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர் எந்த அடுக்ககத்திலும் ஒருவர் இருப்பார். மாலையில் அவர் வீட்டுத் தண்ணீர் படிக்கட்டில் இறங்கும். கீசரில் தண்ணீர் பின்னோக்கி வடிந்திருந்து சுவிட்சும் போட்டிருந்தால் காயில் எரிந்துபோகும். தண்ணீர் திரும்பும்போது குழாய் முதலில் இருமும், பிறகு செம்மண் நிறத்தில் துப்பும். உதிர்ந்த உப்புத் துகள்கள் சமையலறைக் குழாய் நுனியின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். சல்லடை இல்லாத குளியலறைக் குழாயை முதலில் திறக்கச் சொல்வது அதற்காகத்தான்.

புதிதாகப் போடுவது பால் வால்வு. கால் திருப்பில் மூடும். கைப்பிடி குழாயோடு படுத்திருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. வாங்கும்போது துளை குழாயின் அளவுக்கே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நான்காவது மாடிக்குத் தொட்டி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கும், அழுத்தம் ஏற்கெனவே குறைவு. துளை சிறுத்தால் அவர்கள் ஷவரில் நூல்போல ஒழுகும். இரு பக்கமும் யூனியன் வைத்துக்கொண்டால் அடுத்தமுறை குழாயை அறுக்காமலே வால்வைக் கழற்றலாம்.

தொட்டி காலியாகக் கிடக்கும் அந்த மூன்று மணி நேரத்தில் தொட்டி வாயிலேயே ஒரு தாய் வால்வும் போட்டுவிட்டால், அடுத்தமுறை தொட்டியைக் காலி செய்யவேண்டியதில்லை. பிளம்பர் இதைச் சொல்லும்போது "அதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிற செகரட்டரி, மறுபடி 24 வீட்டு வாளிகளையும் நிரப்பச் சொல்லித் தாள் ஒட்டுவதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் கூட்டிப் பார்க்கலாம்.