கீழாநெல்லியும் வெற்று மாத்திரையும்

மஞ்சள் காமாலை என்று சொன்ன மறுநிமிடம் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் ஒருவர் கீழாநெல்லியின் பெயரைச் சொல்வார். செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, மைய அரைத்து, மோரில் கரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். எண்ணெயும் கறியும் கூடாது. “எங்க மாமாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. பத்தே நாள்ல தெளிஞ்சிருச்சு” என்று சாட்சி சொல்லவும் ஆள் இருக்கும்.

அந்தச் சாட்சி பொய்யில்லை. மாமா குடித்தார், மாமாவுக்குக் குணமானது; இரண்டுமே நடந்தவை. குடித்ததால்தான் குணமானதா என்ற கேள்விக்கு மட்டும் அந்தச் சாட்சியிடம் பதில் கிடையாது. ஏன் என்று பார்க்க, காமாலை தானாக எப்படிப் போகும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காமாலை தனியொரு நோயல்ல. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் தேங்குவதன் அடையாளம் அது. நம் ஊரில் அதற்கு அடிக்கடி காரணமாவது, கெட்ட தண்ணீர் வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு இந்த வைரஸை உடம்பே விரட்டிவிடுகிறது. சில வாரங்களில் மஞ்சள் இறங்கும். இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். இதற்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து எதுவும் ஆங்கில மருத்துவத்திலும் இல்லை. ஓய்வும் ஆகாரமும் கண்காணிப்பும்தான் சிகிச்சை.

இனி, மாமா எந்த நாளில் வைத்தியரைத் தேடிப் போயிருப்பார் என்று யோசிக்கலாம். லேசாகப் பசி மந்தித்த அன்று போகமாட்டார். சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் இறங்கி, கண்ணைப் பார்த்தவர்கள் எல்லாம் பயமுறுத்திய பிறகு, அதாவது நோய் உச்சத்தை நெருங்கிய சமயத்தில் போவார். உச்சத்துக்குப் பிறகு நோய் எப்படியும் இறங்கத்தான் போகிறது. அந்த நேரத்தில் கையில் எந்தக் கிண்ணம் இருக்கிறதோ, அது கீழாநெல்லியோ கரும்புச்சாறோ மந்திரித்த தண்ணீரோ, பெயர் அதற்குப் போகும்.

சாட்சி சொல்ல வராதவர்கள் வேறு இருக்கிறார்கள். பித்தக் குழாயில் கல் அடைத்ததால் வந்த காமாலை, கணையப் புற்று அழுத்தியதால் வந்த காமாலை, கல்லீரல் முற்றாகச் செயலிழந்ததால் வந்த காமாலை ஆகியவை மோரில் கரைத்த எதற்கும் இறங்குவதில்லை. அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள், அல்லது இறந்துவிடுகிறார்கள். தெருமுனைப் பேச்சில் மிஞ்சுவது தேறியவர்களின் கதை மட்டுமே. இப்படிப்பட்ட கதைகளை ஆயிரம் சேர்த்தாலும் அந்தக் குறை தீராது. எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்தவை.

ஆகவே தேவைப்படுவது, கீழாநெல்லி குடிக்காத இன்னொரு மாமா. அதே வயது, அதே நோய், அதே கட்டம். ஆராய்ச்சியாளர்கள் ஒப்பீட்டுக் குழு என்று சொல்வது இவரைப் போன்றவர்களைத்தான். யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, நோயாளியும் கேட்டு வாங்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தற்செயலிடம் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தெம்பாக இருப்பவர்களைத் தன்னையறியாமலே மருந்துக் குழுவில் சேர்த்துவிடும் கை, எவ்வளவு நேர்மையானவரிடமும் இருக்கும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டாலும் சிக்கல் உண்டு. மருந்து குடித்தவருக்கு நம்பிக்கை வரும், “இன்னிக்குப் பரவாயில்லை” என்பார்; குடிக்காதவர் முகம் சுளிப்பார். கேட்டுக் குறித்துக்கொள்பவரின் பேனாவும் அதற்கேற்பச் சாயும். இதற்காகத்தான் பிளாசிபோ எனப்படும் வெற்று மருந்து: பார்வைக்கும் நாக்குக்கும் அசல் போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் முடிவுவரை தெரியாது. கீழாநெல்லி நல்ல கசப்பு. அரைத்த விழுதுக்குப் போலி செய்வது கடினம் என்பதால், காயவைத்துப் பொடித்துக் கூட்டு மாத்திரைக்குள் அடைத்துவிடுகிறார்கள்.

வெற்று மாத்திரைக்கே நோய் தீர்க்கும் சக்தி இருப்பதாக ஒரு பேச்சு உலவுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 2001-இல் இதைத் தேடிப் பார்த்தார்கள். வெற்று மருந்து கொடுத்தவர்களையும் ஒன்றுமே கொடுக்காதவர்களையும் ஒப்பிட்ட 114 ஆய்வுகளை அலசியதில், வலி போல நோயாளி வாயால் சொல்லும் விஷயங்களில் சிறிது பலன் தெரிந்தது. கருவியால் அளக்கும் விஷயங்களில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை. பசியும் அயர்ச்சியும் கீழாநெல்லியால் தேறியதாகத் தோன்றுவதற்கு நம்பிக்கை பங்களித்திருக்கலாம். ரத்தத்தில் உள்ள பிலிருபினும் வைரஸும் அப்படி நம்பிக்கைக்கு மசிவதில்லை.

கீழாநெல்லி இந்தச் சோதனைக்குள் நிஜமாகவே இறங்கிய செடி. அதிலும் அந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பிளம்பர்க் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இருந்தவர். முடிவு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது சாதாரணக் காமாலையை அல்ல, அதைவிடக் கடினமான ஒன்றை. ஹெபடைடிஸ் பி வைரஸ் சிலருடைய உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மட்டும் தென்பட்டுக்கொண்டே இருக்கும். அது தானாக மறைவது ஆண்டுக்கு நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான். இத்தகைய 78 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, வேளைக்கு 200 மில்லிகிராமாகத் தினம் மூன்று வேளை, 30 நாள். மற்றவர்களுக்கு வெற்று மருந்து. சில வாரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். ஒரு பக்கம் 59 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம்.

உலகமே திரும்பிப் பார்த்ததில் வியப்பில்லை. ஆனால் அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. 37-ஐயும் 23-ஐயும் கூட்டினால் 60. சேர்ந்தவர்கள் 78. மிச்சம் 18 பேரின் முடிவு கணக்கில் இல்லை, அவர்களில் பெரும்பாலோர் வெற்று மருந்துக் குழுவைச் சேர்ந்தவர்கள். திரும்பி வராதவர்களும் திரும்பி வந்தவர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று எடுத்துக்கொள்ள ஆதாரமில்லை. தெருமுனைக் கதையில் காணாமல் போகிறவர்களைப் பற்றிச் சொன்ன அதே ஐயம், பெரிய இதழில் வந்த ஆய்வையும் விடுவதில்லை. இந்த இழப்பு மட்டுமே 59-க்கும் 4-க்கும் உள்ள இடைவெளியை முழுக்க விளக்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் அடுத்த கட்டம் அவசியமானது: வேறு ஊரில், வேறு கைகளில், அதே சோதனை.

தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். 1990-இல் ‘லான்செட்’ இதழிலேயே வந்த முதல் கடிதம், அந்தப் புரதத்தை ஒழிக்க முடியவில்லை என்றது. 1991-இல் வெளியான இன்னொரு தாய்லாந்து ஆய்வில், சென்னையில் கொடுத்த அதே 600 மில்லிகிராம் அளவு 34 பேருக்கு 30 நாள் தரப்பட்டது. இருவருக்கு மட்டும் புரதம் மறைந்தது. 1994-இல் நியூசிலாந்திலும் பலன் கிடைக்கவில்லை.

சென்னையில் கிடைத்தது ஏன் மற்ற இடங்களில் கிடைக்கவில்லை? செடியின் வகை, பறித்த பருவம், மண், காயவைத்த விதம் எல்லாம் மாறலாம் என்பது ஒரு வாதம். கீழாநெல்லி என்ற பெயரில் ஒன்றையொன்று ஒத்த பல செடிகள் புழங்குவதால் இதைத் தட்டிவிட முடியாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. சேர்க்கப்பட்டவர்களில் சிலர் அண்மையில் தொற்று வந்தவர்களாக இருந்தால், அவர்கள் எப்படியும் தேறியிருப்பார்கள். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி, நூற்றுக்குச் சுமார் 95 பேரை விட்டுத் தானாகவே போய்விடும். சிறிய குழுவில் இப்படிச் சிலர் ஒரே பக்கம் குவிந்துவிட்டால் விகிதம் தலைகீழாகும்.

காமாலை வந்தவர்களுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வும் நம் பக்கத்தில் நடந்தது. திருவனந்தபுரத்து மருத்துவர்கள், திடீரென்று வரும் வைரஸ் காமாலை நோயாளிகளிடையே குலுக்கல் முறையில், வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். மஞ்சள் இறங்க எடுத்துக்கொண்ட நாள்களில் கீழாநெல்லி குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. தெருமுனைச் சாட்சிக்கு நேரடியாக எதிரே நிற்பது இந்த ஆய்வுதான்.

2011-இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, இந்தச் செடி வகைகளை ஹெபடைடிஸ் பி-க்குப் பயன்படுத்திய 16 ஆய்வுகளையும், அவற்றில் இருந்த 1,326 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. வெற்று மருந்தோடு ஒப்பிட்டது அவற்றில் ஒன்றே ஒன்று. அதில் வேறுபாடு இல்லை. மற்றவை செடியை வேறு மருந்துகளோடு சேர்த்தோ எதிர்த்தோ வைத்துப் பார்த்தவை. அவற்றின் செய்முறையில் இருந்த ஓட்டைகள் காரணமாக, நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்பதே தொகுப்பின் முடிவு. ‘பதினாறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன’ என்று மட்டும் ஒரு விளம்பரத்தில் போட்டால் அது உண்மையாகவும் இருக்கும், ஏமாற்றாகவும் இருக்கும்.

ஹெபடைடிஸ் பி-யை அடக்கி வைக்க இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. வராமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போடுவது. அந்தத் தடுப்பூசிக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரும் அதே பிளம்பர்க்தான். கீழாநெல்லியை நம்பி ஆய்வுக்கு எடுத்தவரும் அவரே என்பதால், இதை நாட்டு மருந்துக்கும் ஆங்கில மருந்துக்கும் நடந்த சண்டையாகச் சித்தரிப்பது சரியாகாது.

கீழாநெல்லியை இனியும் சோதிக்க விரும்பினால் எத்தனை பேர் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு நூறு பேரில் ஒருவருக்குத் தானாக மறையும் புரதத்தை, இந்தச் செடி ஐந்து பேருக்கு மறையச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வித்தியாசத்தைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காட்ட, குழுவுக்கு ஏறக்குறைய 300 பேர் வேண்டும், ஓராண்டுக்கு. செடியின் வகையைத் தாவரவியலார் உறுதிசெய்து, ஒரே பருவத்தில் பறித்து, எல்லா மாத்திரையிலும் சத்து ஒரே அளவில் இருப்பதைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஆய்வில் சேருமுன், ஒவ்வொருவருக்கும் ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் பார்த்து, தொற்று நாள்பட்டதுதான் என்று உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். நடுவில் வராமல் நின்றவர்களையும் தேடிப் பிடித்து, அவர்கள் முதலில் சேர்ந்த குழுவின் கணக்கிலேயே வைத்து எண்ண வேண்டும்.