காப்பி டெக்: டிசைனர் திரும்பக் கூப்பிடாத மாதிரி எழுதுறது எப்படி?

நான் அம்பத்தூர்ல உட்கார்ந்து எழுதுறேன். என்கூட வேலை செய்ற டிசைனர் ஆவடியில இருக்காங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ஒரு கூகுள் டாக். அதுக்குப் பேர்தான் காப்பி டெக். எந்த ஸ்லைடுல எந்த இடத்துல எந்த வார்த்தை வரணும்னு சொல்ற ஆவணம். அவங்களுக்கு ஸ்லைடுக்கு இவ்வளவுன்னு பணம். ஒரு சந்தேகத்துக்குப் பதில் வராம காத்திருக்கிற அரை நாளுக்கு யாரும் பணம் தர்றதில்லை.

ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துப் பார்க்கலாம். பூந்தமல்லிக்கு வர்ற மெட்ரோ பத்தி ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு 12 ஸ்லைடுன்னு வச்சுக்குவோம். நாலாவது ஸ்லைடுக்கு வழக்கமா வர்ற குறிப்பு இப்படித்தான் இருக்கும்: "மெட்ரோ பற்றி. கலங்கரை விளக்கம் முதல் பூவிருந்தவல்லி வரை 26.1 கி.மீ. 63,246 கோடி, அமைச்சரவை ஒப்புதல் 2024. மேப் போடவும்."

படிக்க எல்லாம் இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனா டிசைனர் இடத்துல உட்கார்ந்து பாருங்க. "மெட்ரோ பற்றி" என்பது தலைப்பா, இல்ல எனக்குச் சொன்ன விளக்கமா? எந்த மேப்? போன ஸ்லைடுல பூந்தமல்லின்னு இருந்துச்சே, இங்க ஏன் பூவிருந்தவல்லி? இங்கிலீஷ்ல பெரிய எழுத்தைப் பார்த்தாவது தலைப்பை ஊகிக்கலாம். தமிழ்ல அந்த வசதியும் இல்லை, எல்லா வரியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதையெல்லாம்கூட அவங்க போன் பண்ணிக் கேட்டுக்குவாங்க. கேட்கத் தோணாத ஒண்ணுதான் ஆபத்து. அந்த 63,246 கோடி பூந்தமல்லி வழித்தடத்துக்கு மட்டும் ஆகுற செலவு இல்லை. மூணு வழித்தடமும் சேர்ந்த இரண்டாம் கட்டம் முழுசுக்கும், அதாவது 118.9 கிலோமீட்டருக்கும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. குறிப்புல பக்கத்துல பக்கத்துல இருக்கேன்னு டிசைனர் 26.1-ஐயும் 63,246-ஐயும் ரெண்டு பெரிய எண்ணா ஜோடி சேர்த்து வச்சா, ஸ்லைடு பார்க்க அழகா இருக்கும், தகவல் தப்பா இருக்கும். அவங்க மேல குறை சொல்ல முடியாது.

அதே ஸ்லைடு, காப்பி டெக்ல:

```
S04-A தலைப்பு: பூந்தமல்லிக்கு வரும் மெட்ரோ
S04-B பெரிய எண்: 26.1 கி.மீ.
S04-C எண்ணின் கீழ்: கலங்கரை விளக்கம் முதல் பூந்தமல்லி பைபாஸ் வரை
S04-D அடியில், சிறிதாக: இரண்டாம் கட்டம் முழுவதற்கும் (118.9 கி.மீ.)
  ரூ.63,246 கோடி. மத்திய அமைச்சரவை ஒப்புதல்: 3 அக்டோபர் 2024
S04 படம்: 04_map.png
[டிசைனருக்கு: B, D எண்கள் ஒரே வரிசையில் வேண்டாம்;
  B இந்த வழித்தடம், D மூன்றும் சேர்ந்தது. இடம் போதாவிட்டால்
  ஒப்புதல் தேதியை எடுக்கலாம், "முழுவதற்கும்" கட்டாயம் வேண்டும்.]
```

சதுர அடைப்புக்குள்ள இருக்கிறது எதுவும் ஸ்லைடுக்குப் போகாது. வெளியில இருக்கிறது ஒரு புள்ளிகூட மாறாம போகும். இந்த ஒரு விதியை டாக்கோட முதல் பக்கத்துல எழுதி வச்சுட்டா, "மேப் போடவும்"னு ஸ்லைடுலயே அச்சாகுற கூத்து நடக்காது. ஊர்ப் பெயர், எண், தேதி எழுதுற முறையும் அதே பக்கத்துல: பூந்தமல்லின்னு முடிவு பண்ணிட்டா 12 ஸ்லைடுலயும் பூந்தமல்லிதான்.

குறிப்புல "நல்லா பெருசா, நீலத்துல போடுங்க"ன்னு எழுதாதீங்க. அது அவங்க வேலை. எது எதோட சேரணும், எது சேரக்கூடாது, இடம் பத்தாட்டி எதை வெட்டலாம், இதைச் சொன்னா போதும். வெட்டுற வரிசை தமிழுக்கு ரொம்ப முக்கியம். நம்ம சொற்கள் நீளம். இங்கிலீஷுக்குப் போட்ட கட்டத்துல "இரண்டாம் கட்டம் முழுவதற்கும்" சுலபமா அடங்காது.

இன்னொரு தமிழ்ச் சிக்கல்: டைப் பண்றது யூனிகோடுல இருக்கணும். பழைய ஃபான்ட்ல அடிச்சதை டிசைனர் வேற ஃபான்ட்டுக்கு மாத்தினா வெறும் குப்பை எழுத்துதான் வரும். யூனிகோடா இருந்தும் சில டிசைன் மென்பொருள்ல, அமைப்பு சரியா இல்லைன்னா "கொ" உடைஞ்சு, கொம்பு ககரத்துக்கு அப்புறம் போய் உட்கார்ந்துக்கும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது தப்புன்னே தெரியாது. அதனால டாக்கோட ஒரு பிடிஎஃப்பும் அனுப்புங்க, எழுத்து எப்படித் தெரியணும்னு ஒப்பிட்டுப் பார்த்துக்குவாங்க.

கடைசியா, திருத்தம். லேஅவுட் ஆரம்பிச்ச பிறகு டாக்ல சத்தமில்லாம ஒரு வரியை மாத்தினா அது ஸ்லைடுக்குப் போய்ச் சேராது. அவங்க ஏற்கனவே காப்பி பண்ணி ஒட்டியாச்சு. மேல ஒரு திருத்தப் பட்டியல் வச்சு, "S04-C: 'பைபாஸ்' சேர்ந்தது, செவ்வாய் காலை"ன்னு ஒரு வரி போடுங்க. A, B, C-ன்னு பேர் வச்சது இதுக்கும்தான். அவங்களும் "மாத்தியாச்சு"ன்னு அந்த வரி பக்கத்துல ஒரு டிக் போடுவாங்க.