கண் வறட்சிக்காக மேலாளருக்கு ஒரு கடிதம்

மாடம்பாக்கத்திலிருந்து மெப்ஸுக்கோ ஓ.எம்.ஆருக்கோ தினமும் வேலைக்குப் போகும் ஒருவர், "கண் எரியுது சார்" என்று வாயால் சொன்னால் அன்றைக்கு லீவு கிடைக்கலாம். மறுநாள் அதே நாற்காலி, அதே ஏசி காற்று. நாள்பட்ட கண் வறட்சிக்கு லீவு தீர்வல்ல. உட்காரும் இடம் மாறவேண்டும். அதை எழுத்தில், அளவோடு கேட்கவேண்டும்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது இமைக்கிறோம். திரையைப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே குறையக்கூடும். இமைப்பதும் முழுதாக மூடாமல் அரைகுறையாக நடக்கும். கண்மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் அடுத்த இமைப்புக்குள் ஆவியாகிவிடும். வறண்ட கண் எரிச்சலில் நீரையும் கொட்டும். அதனால், "கண்ணில்தான் தண்ணி வருதே, வறட்சி எப்படி?" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். மங்கிய எழுத்து இரண்டு முறை இமைத்ததும் தெளிந்தால், காலையில் லேசாக இருக்கும் எரிச்சல் மாலையில் கூடினால், வறட்சியைச் சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய மருத்துவர்தான் வேண்டும். இமைக்காமல் இருந்தால் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று பார்ப்பார். பத்து நொடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள். தாம்பரத்தில் ரயில் ஏறினால் எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே வாங்கும் சீட்டு கடிதத்துக்குப் பலம்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, எனக்கு நாள்பட்ட கண் வறட்சி இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார், அவர் தந்த சான்றை இணைத்துள்ளேன். மதியம் மூன்று மணிக்கு மேல் திரையில் எண்கள் மங்குவதால் பதிவுகளை இரண்டு முறை சரிபார்க்க வேண்டியுள்ளது. வேலையைக் குறைக்கக் கேட்கவில்லை. கீழ்க்கண்ட மாற்றங்களை நான்கு வாரம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறேன்.

உயரம் மாற்றக்கூடிய மானிட்டர் ஒன்று தேவை. அதன் மேல் விளிம்பு என் கண்மட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, சுமார் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கவேண்டும். என் இருக்கைக்கு நேர்மேலே உள்ள ஏசியின் காற்று முகத்தில் படாதபடி திருப்பித் தரவும், அல்லது இருக்கையை மாற்றவும். ஜன்னல் எனக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது நொடி தூரத்தில் இருப்பதைப் பார்ப்பேன். மணிக்கு ஐந்து நிமிடம் திரையை விட்டு விலகி, அந்த நேரத்தில் போன் பேசும் வேலைகளை முடிப்பேன்."

இதில் மானிட்டர் உயரம்தான் பலர் தவறவிடும் இடம். கழுத்துவலிக்கு நல்லதென்று லேப்டாப்பை ஸ்டாண்டில் மிக உயரத் தூக்கிவைத்தால், நிமிர்ந்து பார்ப்பதில் இமை அகலத் திறக்கும். காற்றுபடும் பரப்பும் கூடும். பார்வை கொஞ்சம் தாழ்ந்தால் இமையே கண்ணின் ஒரு பகுதியை மூடிக்கொள்ளும். கீபோர்டு திரையோடு ஒட்டியிருக்கும் லேப்டாப்பில் கழுத்தையும் கண்ணையும் ஒருசேரக் காப்பது கடினம். தனி மானிட்டர் கேட்பதற்கு அதுவே காரணம். வெளிச்சம் நேரடியாக வறட்சியைத் தருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்கூச்சம் கண்ணைக் களைப்பாக்கும், அவ்வளவே. திரையை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கறுப்புத் திரையில் ட்யூப்லைட்டோ ஜன்னலோ தெரிந்தால் திரையைத் திருப்பிவைக்கவேண்டும். ஒன்றை மட்டும் தருவோம் என்று நிர்வாகம் சொன்னால் நான் ஏசி காற்றைத் திருப்பத்தான் முதலில் கேட்பேன்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் கண் வறட்சி இல்லை. அந்தச் சட்டத்தை மட்டும் காட்டி வற்புறுத்த முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தரச் சொல்கிறது. சில வகை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டென்பதால் உங்கள் நிறுவனம் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதே சட்டத்தில்தான் 2021-இல் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் என்பது சட்டம் தராத ஒன்று, பேசித்தான் பெறவேண்டும்.

ஆகவே கடிதத்தை மின்னஞ்சலில், ஹெச்.ஆருக்கு நகல் வைத்து அனுப்புங்கள். மறுத்தால், எந்த மாற்றம், ஏன் முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். சோதனைக் காலம் முழுவதும் எரிச்சல் தொடங்கும் நேரத்தைக் குறித்துவையுங்கள். மூன்று மணிக்குத் தொடங்கியது ஐந்தரைக்குத் தள்ளிப்போயிருந்தால் அந்தக் குறிப்பே அடுத்த கடிதத்தின் முதல் வரி. எதுவும் மாறவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்: வாய் உலர்வும் மூட்டுவலியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கடும் வலி, வெளிச்சம் தாங்காமை, திடீர்ப் பார்வை மங்கல் என்றால் கடிதம் காத்திருக்கட்டும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.