அரைப் பவுன் காசும் அதற்கான வரியும்

கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலை. மேற்பார்வையாளர் ஒருவர் அங்கே 25 ஆண்டு பணியை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விழா மேடையில் நிர்வாக இயக்குநர் சால்வை போர்த்துகிறார். நீண்டகாலப் பணிக்கான பாராட்டுக் கடிதமும், சிறிய பெட்டியில் 4 கிராம் தங்கக் காசும் கொடுக்கிறார். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போகிறது. அடுத்த மாதச் சம்பளச் சீட்டு வரும்போதுதான் கேள்வி எழுகிறது. "வரிப் பிடித்தம் ஏன் திடீரென்று கூடிவிட்டது?"

காரணம் அந்தக் காசுதான். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருந்திருக்காது.

இத்தகைய கடிதங்களில் பெரும்பாலும் இருப்பது புகழ்ச்சி மட்டுமே: அயராத உழைப்பு, அர்ப்பணிப்பு, நிறுவனத்தின் தூண். படிக்க இதமாக இருக்கும். சட்டையில் குத்திய பூவைப் போல இரண்டு நாளில் வாடிவிடும். ஊழியருக்குக் கடைசிவரை பயன்படுபவை இரண்டு செய்திகள். எத்தனை ஆண்டுப் பணியை நிறுவனம் ஒப்புக்கொள்கிறது என்பது ஒன்று. தரப்படும் அன்பளிப்பு என்ன, அதன் மதிப்பு எவ்வளவு, வரியை யார் ஏற்பது என்பது இன்னொன்று.

வரியை முதலில் பார்ப்போம். நிறுவனம் ஊழியருக்குக் கொடுக்கும் அன்பளிப்பை வருமான வரிச் சட்டம் சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகவே பார்க்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் முழுத் தொகையும் சம்பள வருமானம். பொருளாகவோ பரிசுக் கூப்பனாகவோ கொடுத்தால் ஒரு சிறு விலக்கு உண்டு. 2025-26 நிதியாண்டுக்குப் பொருந்தும் 1962-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஓராண்டில் தந்த அன்பளிப்புகளின் மொத்த மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி கிடையாது. 'மொத்த' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்குத் தந்த 3,000 ரூபாய் கூப்பனும் இந்தக் கணக்கில் சேரும். வரம்பைத் தாண்டிவிட்டால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி போடுவோரும் உண்டு, முழு மதிப்புக்கும் போடுவோரும் உண்டு. விதியின் வாசகம் முழு மதிப்பின் பக்கமே நிற்கிறது.

இனி நம் மேற்பார்வையாளரின் கணக்கு. அவருடைய ஆண்டுச் சம்பளம் 12,75,000 ரூபாய். புதிய வரி முறையில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக, வரிக்குரிய வருமானம் சரியாக 12 லட்சம். 2025-26-இல் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். இந்த நிலையில் 40,000 ரூபாய் மதிப்புள்ள காசு வருகிறது. வருமானம் 12,40,000 ஆகிறது, தள்ளுபடி போய்விடுகிறது. வரி விகிதப்படி பார்த்தால் 66,000 ரூபாய் கட்ட வேண்டும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்குச் சட்டம் ஓர் ஆறுதல் தருகிறது: தாண்டிய தொகைக்கு மேல் வரி வாங்குவதில்லை. ஆகவே வரி 40,000. அதன்மேல் 4 சதவீத மேல்வரி 1,600. ஆக மொத்தம் 41,600 ரூபாய்.

40,000 ரூபாய் காசுக்கு 41,600 ரூபாய் வரி! 25 ஆண்டு உழைத்தவர், தனக்குக் கிடைத்த பரிசுக்காகக் கையிலிருந்து 1,600 ரூபாய் கூடுதலாகப் போடுகிறார்.

எல்லாருக்கும் இப்படி ஆகாது. 8 லட்சம் சம்பளம் வாங்குபவருக்கு, காசைச் சேர்த்தாலும் வரி வராது. 14 லட்சம் வாங்குபவர் 15 சதவீத அடுக்கில் இருப்பதால், மேல்வரியோடு 6,240 ரூபாய் கட்டுவார். எல்லைக்கோட்டில் நிற்பவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது. சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே யார் அந்தக் கோட்டில் நிற்கிறார் என்று கணக்குப் பிரிவுக்குத் தெரிந்துவிடும். காசு வாங்க ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு பார்வை போதும்.

தெரிந்துகொண்டால் என்ன செய்யலாம்? விலக்கு வரம்புக்கு உட்பட்ட நினைவுப் பரிசோடு பத்து நாள் கூடுதல் சம்பள விடுப்பு தரலாம். விடுப்பை எடுத்து ஓய்வதற்குத் தனி வரி இல்லை. பொருளாகத் தரும் அன்பளிப்புக்கான வரியை நிறுவனமே கட்டவும் சட்டம் இடம் தருகிறது. அப்படிக் கட்டிய வரி மறுபடி ஊழியரின் வருமானமாகச் சேராது. ரொக்கப் பரிசுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் அந்த வரியைச் சராசரி விகிதத்தில்தான் கணக்கிட வேண்டும் என்பதால், எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு இது முழு நிவாரணம் ஆகாது.

பிரிட்டன் இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே தீர்த்திருக்கிறது. குறைந்தது 20 ஆண்டுப் பணி, ஓர் ஆண்டுக்கு 50 பவுண்டு வரை, ரொக்கம் கூடாது, முந்தைய 10 ஆண்டுகளில் இதுபோல் பரிசு வாங்கியிருக்கக் கூடாது. இவை பொருந்தினால் வரி இல்லை. 25 ஆண்டு முடித்தவருக்கு 1,250 பவுண்டுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாம். நம் நாட்டிலும் நீண்டகாலப் பணிப் பரிசுக்குத் தனி விலக்கு வர வேண்டும். தீபாவளிக் கூப்பனோடு சேர்த்து 5,000 என்ற 2025-26-இன் வரம்பு 25 ஆண்டு உழைப்புக்கு நியாயமான அளவல்ல.

அடுத்தது பணிக்கால ஒப்புதல். "25 ஆண்டுகள் பணியாற்றிய தங்களை" என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்தத் தேதியிலிருந்து? பயிற்சியாளராக வந்த நாளா, நிரந்தரமான நாளா? பணிக்கொடை ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் வருகிறது. இரண்டு ஆண்டு விட்டுப்போனால் 30 நாள் ஊதியம் போய்விடும். பின்னால் தகராறு வந்தால், நிறுவனத்தின் கையெழுத்தோடு சேர்ந்த தேதியைச் சொல்லும் இந்தக் கடிதம் ஊழியருக்கு நல்ல ஆவணம். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்த ஆண்டுகள்தான் பெரும்பாலும் கணக்கில் வராமல் போகின்றன. அதே இயந்திரத்தில் நின்றவருக்கு அந்த ஆண்டுகள் இல்லை என்றாகும்போது வலிக்கத்தான் செய்யும்.

ஒரு நல்ல கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"தாங்கள் 02.06.2000 அன்று பணியில் சேர்ந்து, 01.06.2025 அன்று இடையறாத 25 ஆண்டுப் பணியை நிறைவு செய்துள்ளீர்கள். இதைப் பாராட்டி 4 கிராம் தங்கக் காசு வழங்குகிறோம். இதன் மதிப்பு ரூ.40,000. இது தங்கள் சம்பளச் சலுகையாகக் கணக்கிடப்படும். இதனால் வரும் வரி விவரம் இணைப்பில் உள்ளது. காசுக்குப் பதிலாகக் கூடுதல் விடுப்பைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் 15 நாட்களுக்குள் தெரிவிக்கவும். இந்த அன்பளிப்பு தங்கள் பணிக்கொடையிலோ வருங்கால வைப்பு நிதியிலோ கழிக்கப்படாது."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. பணிக்கொடை சட்டப்படி வர வேண்டிய உரிமை. பரிசு நிறுவனம் மனமுவந்து தருவது.

கடிதத்தை வாங்கியவர்கள் சேர்ந்த தேதியை நியமன ஆணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே எழுதிக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 2025-26-இல் பரிசு வாங்கியிருந்தால், படிவம் 16-உடன் வரும் படிவம் 12பிஏ-யில் அதன் மதிப்பு எவ்வளவு என்று காட்டப்பட்டிருக்கிறது எனப் பார்த்துவிட்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால், அதற்குப் பின் பரிசு பெறுவோர் அந்த ஆண்டுக்கான வரம்பைக் கணக்குப் பிரிவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.