சாவி கைமாறும் வரை வாடகை ஓடும்

மேற்கு மாம்பலத்தில் ஒரு இரண்டாவது மாடி வீடு. 2007இல் அக்காவும் அத்தானும் அங்கே தனிக்குடித்தனம் வந்தபோது வாடகை 7,000, சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் 70,000. பிள்ளைகள் இருவரும் வளர்ந்தது அங்கேதான். போன வருஷம் பெருங்களத்தூரில் சொந்த வீடு அமைந்து காலி செய்தபோது வாடகை 18,000 ஆகியிருந்தது.

சாமான் லாரி கிளம்பியதோடு வேலை முடிந்துவிடாது. சாவி நம் கையில் இருக்கும்வரை வீடும் நம் பொறுப்பில்தான். வாடகையும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மாதக் கடைசி நாளிலேயே சாவியைக் கொடுத்துவிட அக்கா நினைத்தாள். மூன்று சாவிகளில் ஒன்று, அவசரத்துக்கென்று எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருந்தது. "இங்கேயே இருக்கட்டுமேடி" என்று பாட்டி தயங்கியபடிதான் எடுத்துத் தந்தார். ஒரு சாவி குறைந்தாலும் வீட்டுக்காரர் பூட்டையே மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவு குடியிருந்தவர் தலையில் விழும்.

வீட்டுக்கார மாமா ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன்மா, எல்லாரும் பண்றதுதான்" என்றார். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால் ஒழிய, வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், சுவிட்ச், தாழ்ப்பாள், பூட்டு போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. அக்காவின் பழைய ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"இத்தனை வருஷத்துல பெயிண்ட் தானா மங்கத்தானே மாமா செய்யும்?" என்றாள் அக்கா. ஆனால் சாமி அலமாரிக்கு மேலே, தினமும் ஏற்றிய விளக்கின் கரி ஓர் ஆள் அகலத்துக்குச் சுவரில் கறுப்பாகப் படிந்திருந்தது. அது தானாக வந்த மங்கல் இல்லை என்பதை அவளே ஒத்துக்கொண்டாள். அந்தச் சுவருக்கும் ஆணி ஓட்டைகளை அடைப்பதற்கும் 3,000 என்று முடிவானது. அதுதான் நியாயம் என்பேன்.

பலரும் கோட்டைவிடுவது மின் கணக்கில். இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். நடுவில் காலி செய்தால், அன்றைய மீட்டர் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் ஏசி செலவும் நம் கணக்கில் ஏறிவிடும். அத்தான் படம் எடுத்தார், உத்தேசமாக 1,400 ஒதுக்கினார்கள்.

பாக்கி 65,600. "புதுசா ஆள் வந்ததும் தரேனே" என்று மாமா இழுத்தார். ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அக்கா அதைப் பதமாகச் சொன்னதும், மகனுக்குப் போன் போட்டு அப்போதே பணத்தை அனுப்பச் சொன்னார். தேதி, மூன்று சாவி, மீட்டர் எண், பெற்ற தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அதற்குப் பிறகே சாவிகள் கைமாறின.

மின் கட்டணம் வந்தபோது இவர்கள் பங்கு 1,210தான். மீதி 190 ரூபாயை மாமா கேட்காமலே அனுப்பிவைத்தார்.