நடுவில் மீட்டினால் காணாமல் போகும் சுரங்கள்

ஒரே கம்பியை நடுவில் மீட்டினால் ஒலி மழுங்கலாகவும், ஓரத்தில் மீட்டினால் கூர்மையாகவும் கேட்கிறது. சுருதி மாறவில்லை, ஒலியின் குணம்தான் மாறுகிறது. இதன் காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

கம்பியின் ஒரு புள்ளி எவ்வளவு வளைந்திருக்கிறதோ, அவ்வளவு வேகமாக அது நேர்கோட்டை நோக்கி முடுக்கப்படுகிறது. 1747-இல் பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் இதைச் சமன்பாடாக எழுதினார். இதில் இடமும் காலமும் பின்னிக் கிடக்கின்றன. பிரிக்க ஒரு வழி உண்டு: அசைவு என்பது இடத்தை மட்டும் சார்ந்த ஒரு வடிவம், காலத்தை மட்டும் சார்ந்த ஓர் ஏற்ற இறக்கம் ஆகிய இரண்டின் பெருக்கம் என்று கொள்வது. அப்போது சமன்பாட்டின் ஒரு பக்கம் இடம் மட்டும், மறுபக்கம் காலம் மட்டும் நிற்கும். இரண்டும் எப்போதும் சமமாக இருக்க வேண்டுமானால், இரண்டும் ஒரே மாறிலியாகத்தான் இருக்க முடியும்.

இரு முனைகளும் அசையாததால் எல்லா வடிவமும் பொருந்தாது. ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையில் அரையலைகள் அடங்கும் சைன் வடிவங்களே தேறும். முதல் வடிவம் விநாடிக்கு 100 முறை அதிர்ந்தால் அடுத்தவை 200, 300 முறை அதிரும். கம்பியின் அசைவு முழுவதும் இவற்றின் கலவையே என்று 1753-இல் டேனியல் பெர்னூலி சொன்னபோது, தலம்பேரும் ஆய்லரும் ஏற்கவில்லை.

கலவையில் எது எவ்வளவு என்பதைத் தொடக்க நிலை தீர்மானிக்கிறது. பியானோவில் சுத்தியல் அடிப்பது கம்பிக்குத் தொடக்க வேகத்தைத் தருகிறது. மீட்டும்போதோ தொடக்க வேகம் பூஜ்யம். இழுத்த வடிவம் மட்டுமே கணக்கு. அந்த வடிவத்தை ஒவ்வொரு சைன் வடிவத்தோடும் பெருக்கி, நீளம் முழுவதும் கூட்டி, 2-ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் அதன் பங்கு கிடைக்கும்.

நடுவில் 5 மி.மீ. இழுத்து விடுவோம். முதல் வடிவத்தின் வீச்சு சுமார் 4.05 மி.மீ., மூன்றாவது 0.45, ஐந்தாவது 0.16. இரண்டாவது, நான்காவது எல்லாம் பூஜ்யம். அவை நடுப்புள்ளியில் அசையாதவை. அங்கே இழுத்து அவற்றை எழுப்ப முடியாது. மழுங்கலுக்கு இதுவே காரணம்.

கிட்டார் இருந்தால் சோதிக்கலாம். நடுவில் மீட்டி, அதே இடத்தை விரலால் லேசாகத் தொட்டால் ஒலி அநேகமாக அடங்கிவிடும். கால்பங்கு நீளத்தில் மீட்டிவிட்டு நடுவைத் தொட்டால் மேல் ஸ்தாயி ஒலி மிஞ்சும்.

ஆனால் முனைகள் அசையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். வீணையில் குதிரை வளைந்திருப்பதால் கம்பி அதன்மேல் படிந்தும் விலகியும் அதிர்கிறது. முனை ஓரிடத்தில் நிற்பதில்லை. கணக்குப்படி வரக்கூடாத மேற்சுரங்களும் வீணையிலும் தம்புராவிலும் ஒலிப்பதை 1921-இல் எடுத்துக்காட்டியவர் சி.வி. ராமன்.