பெயர் வைக்கும் கலை – 7: ஆவின் மொன்றியலுக்கு வந்தால்

பழைய வேரிலிருந்து வணிகப் பெயர் எடுப்பதற்கு, எனக்குத் தெரிந்து தமிழில் ஆவினைவிட நல்ல சான்று இல்லை. 1981இல் உருவான தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையத்தின் வணிகப் பெயர் அது. பசுவைக் குறிக்கும் 'ஆ' பேச்சிலிருந்து என்றோ போய்விட்டது. ஆனால் அதோடு சேர்ந்த 'இன்', நாட்டின், வீட்டின் என்று இன்றும் வாழ்கிறது. வேர் வழக்கொழிந்தது, விகுதி இன்றும் புழங்குவது. அதனால்தான் பெயரில் பழமையின் வாடை இல்லை. 'ஆவின் பால்' என்றால் இலக்கணமும் சரியாக அமைகிறது. இரண்டே அசை, ழகரமோ றகரமோ இல்லை. பொருள் தெரியாதவரும் தடுமாறாமல் கேட்டு வாங்குகிறார்.

அதே பெயரை மொன்றியல் நகரில் நான் வாழும் இல்-பிசாரில் ஒரு கடைப் பலகையில் Aavin என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலம் பேசுபவர் ஏறக்குறைய சரியாகவே வாசிப்பார். பிரெஞ்சு பேசுபவருக்கோ கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும். அவர் காதில் விழுவது à vin, அதாவது 'வைனுக்குரிய'. பால் விற்கும் பெயருக்கு இது ஆகாது. கடைசியில் ஓர் e சேர்த்தால் பிரெஞ்சில் 'ன்' திரும்பி வரும், ஆனால் ஆங்கிலத்தில் அது 'ஆவைன்' ஆகிவிடும். ஒருவருக்காகத் திருத்தினால் மற்றவருக்குக் கெடுகிறது.

இருவருக்கும் பொருந்தும் பெயரும் உண்டு. இந்த நகரில் தலைமையகம் கொண்ட ரயில் நிறுவனம் ஒன்று 1977இல் VIA என்ற பெயரோடு தொடங்கப்பட்டது. 'வழி' என்னும் பொருளுள்ள லத்தீன் சொல் அது. இரு மொழிகளுக்கும் பொதுவான சொத்து என்பதால் மொழிபெயர்க்கத் தேவையில்லை. உயிரொலியில் முடிவதால் மூக்கொலிச் சிக்கலும் இல்லை.

எனவே இங்கே கடை திறக்கும் தமிழர்களுக்கு நான் சொல்வது, உயிரில் முடியும் வேராகத் தேடுங்கள் என்பதுதான். அதுவும் போதாது. மழையைக் குறிக்கும் மாரி, Mari என்று எழுதினால் பிரெஞ்சில் 'கணவன்'. நகைக்கடைக்கு அணி பொருந்தும்: Ani இரு மொழியிலும் ஏறத்தாழ 'அனி'தான். ணகரம் போகும், பெயர் நிற்கும். எழுதிய பெயரை விளக்கம் சொல்லாமல் இரு மொழி அயலவர்களிடம் நீட்டி, உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவர் தயங்கினாலும் எழுத்துக்கூட்டை மாற்றிப் பாருங்கள்.

ஒரு சட்டக் கண்ணியும் உண்டு. விற்கும் பொருளின் பெயரையே, அது எந்த மொழியில் இருந்தாலும், வணிகக் குறியாகப் பதிய கனடாவில் பொதுவாக விடமாட்டார்கள். பாலுக்குப் 'பால்' என்று பதிய முடியாது. 'ஆவின்' பாலின் பெயரல்ல, அதைத் தரும் பசுவைச் சுட்டும் சொல். பொருளுக்கு ஓரடி தள்ளி நிற்கும் வேரைத் தேர்ந்தால் பதிவகத்தில் இந்தத் தடை வராது.